மெட்டாதிசிஸ்: ஒரு பெயரும் அதன் நான்கு மூலைகளும்

தசை என்கிறோம், சதை என்றும் சொல்கிறோம். விசிறியைப் பழைய நூல்கள் சிவிறி என்றும் சொல்லும். வண்டுக்கு மிஞிறு என்றும் ஞிமிறு என்றும் இரண்டு பெயர்கள் சங்கப் பாட்டிலேயே உண்டு. மூன்று இணைகளிலும் நடந்திருப்பது ஒன்றே: பக்கத்தில் நின்ற இரண்டு மெய்கள் தம்முள் இடம் மாறிக்கொண்டன, உயிர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. லத்தீனில் அபாயத்துக்குப் பெரிகுலும் என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் அது பெலிக்ரோ ஆனபோது ரகரமும் லகரமும் இதேபோல் மாறிக்கொண்டன. இந்த நிகழ்வுக்கு ஐரோப்பிய இலக்கணிகள் வைத்த கிரேக்கப் பெயர் மெட்டாதிசிஸ். மெட்டா என்றால் மாற்றி, திசிஸ் என்றால் வைப்பு. நம் இலக்கணத்தில் இல்முன் என்பது முன்றில் ஆனதை இலக்கணப் போலி என்பார்கள். அங்கே மாறுவது எழுத்தன்று, சொல். கிரேக்கப் பெயர் குறிப்பது பெரும்பாலும் ஒலிகளின் மாற்றத்தை.

19ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலை ஊற்றினால் வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படிகிறது, சோடியம் நைட்ரேட் கரைசலில் தங்குகிறது. பள்ளியில் இதை இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்று படிக்கிறோம். AB, CD என்ற இரண்டு சேர்மங்கள் சந்தித்து AD, CB என்று பிரிகின்றன. இதற்கு மெட்டாதிசிஸ் என்ற பெயர் இயல்பாகவே பொருந்தியது. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு படமும் சேர்ந்து வந்தது. இரண்டு இணைகள் நேருக்கு நேர் சந்திக்கின்றன, துணையை மாற்றிக்கொள்கின்றன, இடையில் மூன்றாமவர் யாரும் இல்லை என்பது அந்தப் படம். ஒலெஃபின் மெட்டாதிசிஸ் என்ற வினையின் வரலாற்றில் இந்தப் படம் பல ஆண்டுகள் குறுக்கே நின்றது.

முதலில் ஒலெஃபின். 1795இல் நான்கு டச்சு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவைக் குளோரினோடு சேர்த்தார்கள். இரண்டு வாயுக்கள் சேர்ந்து எண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைத்தது. அதனால் எத்திலீனுக்கு எண்ணெய் ஆக்கும் வாயு என்ற பொருளில் ஒலெஃபியாந்த் என்ற பிரெஞ்சுப் பெயர் வழங்கலாயிற்று. பின்னால் அந்தப் பெயர் சுருங்கி, கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள எல்லாச் சேர்மங்களையும் குறிக்கும் ஒலெஃபின் ஆயிற்று. பாடநூல்கள் இன்று ஆல்கீன் என்கின்றன. எண்ணெய் ஆலைகளில் பழைய பெயரே புழங்குகிறது. நம் வினையும் ஆலையில் பிறந்ததால் பழைய பெயரைத்தான் சுமக்கிறது.

1950களின் நடுவில் டூபான்ட் நிறுவனத்தில் ஹெர்பர்ட் எலூட்டெரியோ புரொப்பிலீனை மாலிப்டினம் ஏற்றிய அலுமினாவின் மேல் செலுத்தினார். கிடைத்த பிளாஸ்டிக்கில், அவர் உள்ளே விடாத எத்திலீனும் சேர்ந்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஓக்லஹோமாவில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் ராபர்ட் பேங்க்ஸும் கிராண்ட் பெய்லியும் வேறொரு நோக்கத்தில் அதே வினையின் மேல் வந்து விழுந்தார்கள். அவர்கள் தேடியது நல்ல பெட்ரோல் தரும் திட வினையூக்கி. கிடைத்ததோ மூன்று கார்பன் புரொப்பிலீனிலிருந்து இரண்டு கார்பன் எத்திலீனும் நான்கு கார்பன் பியூட்டீனும். 1964இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒலெஃபின் டிஸ்புரொப்போர்ஷனேஷன் என்றார்கள். சமமாக இருந்தவை ஒன்று குறைந்தும் ஒன்று கூடியும் சமம் குலைந்தன என்பது அதன் பொருள்.

அந்தப் பெயர் விளைவைப் பார்த்து வைத்த பெயர். மூன்றும் மூன்றும் இரண்டும் நான்குமாவதை அது சரியாகச் சொல்கிறது. இதே வினையைத் திருப்பி ஓட்டினால் பொருந்தாது. இன்று பல ஆலைகள் எத்திலீனையும் பியூட்டீனையும் சேர்த்துப் புரொப்பிலீன் எடுக்கின்றன. அங்கே சமமில்லாதவை சமமாகின்றன. ஒரே வினை ஒரு திசையில் ஒரு பெயருக்கும் மறு திசையில் அதன் எதிர்ப்பெயருக்கும் உரியதாகிவிடுகிறது. மேலும் மூலக்கூறு எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்பதைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்லவில்லை. உண்மையான கேள்வி அதுதான்.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் ஓஹையோவின் ஆக்ரனில் குட்இயர் நிறுவனத்தில் வேலை பார்த்த நிசிம் கால்டரான். ஒலெஃபின் மெட்டாதிசிஸ் என்ற பெயரை 1967இல் வைத்தவரும் அவரே. அவருடைய குழு டங்ஸ்டன் ஹெக்சாகுளோரைடில் கொஞ்சம் எத்தனாலும் ஓர் அலுமினியச் சேர்மமும் சேர்த்து 2-பென்டீனின் மேல் விட்டது. அறை வெப்பநிலையிலேயே, சில நிமிடங்களில், 2-பியூட்டீன் கால் பங்கு, 2-பென்டீன் அரைப் பங்கு, 3-ஹெக்சீன் கால் பங்கு என்று கலவை நிலைகொண்டது. நாணயம் சுண்டுவதுபோல் துண்டுகள் கண்மூடித்தனமாகச் சேர்ந்தால் வரும் கணக்கும் அதுதான்.

எங்கே வெட்டு விழுகிறது என்பதை அவர் டியூட்டீரியத்தைக் கொண்டு காட்டினார். டியூட்டீரியம் என்பது ஹைட்ரஜனைவிட ஓர் அலகு கனமான அதன் உடன்பிறப்பு. சாதாரண 2-பியூட்டீன் CH3–CH=CH–CH3, மூலக்கூறு நிறை 56. எல்லா ஹைட்ரஜனையும் டியூட்டீரியமாக மாற்றியது CD3–CD=CD–CD3, நிறை 64. இரண்டையும் கலந்து வினையூக்கியைப் போட்டால் இரண்டு வழிகளில் ஒன்று நடக்கலாம். இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றைப் பிணைப்பு வெட்டுப்பட்டு மெத்தில் தொகுதிகள் இடம் மாறினால், மூன்று டியூட்டீரியம் உள்ள பியூட்டீனும் ஐந்து உள்ளதும் வரும், நிறை 59, 61. இரட்டைப் பிணைப்பே நடுவில் பிளந்து, ஒரு பாதி இன்னொன்றின் பாதியோடு சேர்ந்தால், நான்கு டியூட்டீரியம் உள்ளது மட்டும் வரும், நிறை 60. நிறமாலைமானியில் புதிதாகத் தெரிந்தது 60 மட்டுமே. கார்பன்களுக்கு இடையே வலுவான பிணைப்பு எதுவோ அதுவே, அதன் இரண்டு கைகளும் சேர்ந்தே, அறை வெப்பநிலையில் விடுபடுகிறது.

கால்டரானின் பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதே காலத்தில் இத்தாலியில் ஜூலியோ நாட்டா சைக்ளோபென்டீன் வளையத்தைத் திறந்து, நீண்ட ரப்பர் சங்கிலியாக்கியிருந்தார். சிறு மூலக்கூறுகளின் பரிமாற்றமும் இந்தச் சங்கிலியாக்கமும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு வினைகளாகவே கருதப்பட்டன. இரண்டிலும் வெட்டப்படுவது இரட்டைப் பிணைப்பே என்றால் இரண்டும் ஒன்று. வளையத்துக்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்பு பிளந்து பக்கத்து வளையத்தின் பாதியோடு சேர்ந்தால், தானாகவே சங்கிலி நீளும். டிஸ்புரொப்போர்ஷனேஷன் என்ற பெயரால் இந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர முடிந்திருக்காது. வெட்டும் இடத்தைச் சொல்லிய பெயரால் முடிந்தது.

ஆனால் பெயரோடு வந்த பழைய படம் இப்போது வேலையைக் காட்டியது. இரண்டு ஒலெஃபின்கள் உலோகத்தின் மேல் பக்கம் பக்கமாக அமர்கின்றன, நான்கு கார்பன்களும் ஒரு சதுரமாகச் சேர்கின்றன, சதுரம் வேறு திசையில் பிளக்கிறது என்று பலரும் எண்ணினார்கள். அந்தச் சதுரத்துக்கு சைக்ளோபியூட்டேன் என்று பெயர். வெள்ளி நைட்ரேட்டும் உப்பும் போல, இரண்டு இணைகளின் நேரடிப் பரிமாற்றம். உலோகம் அங்கே மேடை மட்டும். இந்த எண்ணத்தில் இரண்டு சங்கடங்கள் இருந்தன. வினைக்கலவையில் சைக்ளோபியூட்டேன் கிடைக்கவில்லை. தனியாகச் செய்த சைக்ளோபியூட்டேன்களை அந்த வினையூக்கியோடு வைத்தாலும் அவை ஒலெஃபின்களாகப் பிளக்கவில்லை.

வேறு வழியைச் சொன்னவர் பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தின் இவ் ஷோவன். மாணவர் ஷான்-லூயி எரிசோனோடு சேர்ந்து அவர் 1971இல் ஜெர்மன் இதழ் ஒன்றில் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை அது. அவர்கள் சைக்ளோபென்டீனையும் 2-பென்டீனையும் கலந்தார்கள். நேரடிப் பரிமாற்றம் என்றால் கணக்கு எளிது. சைக்ளோபென்டீன் திறந்து ஐந்து கார்பன் துண்டாகும். அதன் ஒரு முனையில் 2-பென்டீனின் இரண்டு கார்பன் பாதியும் மறு முனையில் மூன்று கார்பன் பாதியும் ஒட்டும். ஆக விளைபொருளில் எப்போதும் பத்து கார்பன். கிடைத்ததோ ஒன்பது, பத்து, பதினொன்று கார்பன் உள்ள மூன்று சேர்மங்கள், ஏறத்தாழ 1:2:1 என்ற விகிதத்தில். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியாக மூடப்பட்டால்தான் அப்படி வரும்.

ஆகவே இரண்டு பாதிகளும் ஒரே சமயத்தில் வந்து சேரவில்லை. ஒவ்வொன்றாக ஏதோ ஒன்று அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஏதோ ஒன்று உலோகம், அதுவும் ஒரு கார்பனை இரட்டைப் பிணைப்பால் பிடித்திருக்கும் உலோகம் என்றார் ஷோவன். அப்படிப்பட்ட டங்ஸ்டன் சேர்மம் ஒன்றை எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷர் 1964இலேயே செய்து காட்டியிருந்தார். அதற்கு உலோகக் கார்பீன் என்று பெயர். கார்பீன் என்ற சொல்லுக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. 1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஓர் இரவு டாக்சிப் பயணத்தில் டோரிங், வின்ஸ்டைன், உட்வர்ட் மூவரும் சேர்ந்து அதைப் படைத்ததாக டோரிங்கே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு கை மட்டும் நிரம்பி, மற்ற இரண்டு கை வெறுமையாக இருக்கும் கார்பனை அந்தச் சொல் குறிக்கும். தனியாக விட்டால் அது நிலைக்காது. உலோகம் பிடித்துக்கொண்டால் நிலைக்கிறது.

ஷோவனின் வழியில் உலோகம்=கார்பன் இணையும் ஒலெஃபினின் கார்பன்=கார்பன் இணையும் பக்கவாட்டில் சேர்ந்து சதுரமாகின்றன. சதுரத்தின் ஒரு மூலையில் உலோகம், மற்ற மூன்றில் கார்பன். அது உருவான வழியே பிரிந்தால் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். மறு வழியே பிரிந்தால் புதிய ஒலெஃபின் ஒன்று வெளியேறுகிறது, உலோகத்தின் கையில் புதிய கார்பீன் தங்குகிறது. அதுவே அடுத்த ஒலெஃபினைச் சந்திக்கிறது. இந்தச் சதுரத்துக்கு மெட்டலாசைக்ளோபியூட்டேன் என்று பெயர். பெயரைப் பிரித்துப் பார்த்தால் வரலாறே அதில் தெரிகிறது: முன்னவர்கள் எண்ணிய சைக்ளோபியூட்டேன் அப்படியே இருக்கிறது, ஒரு கார்பனின் இடத்தில் உலோகம் ஏறியிருக்கிறது. சதுரம் என்று நினைத்தது சரிதான். நான்காவது மூலையில் யார் என்பதுதான் தவறிப்போயிற்று.

இதை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. பத்து கார்பன் சேர்மமே முதலில் உருவாகி, உலோகத்தை விட்டு இறங்குமுன் மீண்டும் மீண்டும் பரிமாறி, ஒன்பதும் பதினொன்றும் ஆகியிருக்கலாம் என்ற மறுப்பு இருந்தது. 1975இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் கேட்ஸ் சைக்ளோஆக்டீனை 2-பியூட்டீனும் 4-ஆக்டீனும் சேர்ந்த கலவையில் விட்டார். நேரடிப் பரிமாற்றம் என்றால் தொடக்கத்தில் பன்னிரண்டு கார்பனும் பதினாறு கார்பனும் மட்டும் வர வேண்டும். இரண்டு ஒலெஃபின்களிலிருந்தும் ஒவ்வொரு பாதி எடுத்த பதினான்கு கார்பன் சேர்மம் பிறகுதான் தலைகாட்ட வேண்டும். வினையின் நேரத்தைப் பின்னோக்கிச் சுழி வரை நீட்டிப் பார்த்தபோதும் பதினான்கு அங்கே இருந்தது. அதே காலத்தில் ராபர்ட் கிரப்ஸும் டியூட்டீரியம் ஏற்றிய டையீன்களைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தார். அவரும் முன்பு வேறொரு வழியை முன்மொழிந்தவர்தான்.

2005இல் ஷோவன், கிரப்ஸ், ரிச்சர்ட் ஷ்ராக் மூவருக்கும் நோபல் பரிசை அறிவித்த ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமி, இதை ஒரு நடனமாக விளக்கியது. வினையூக்கி இணையும் ஒலெஃபின் இணையும் கைகோத்து நான்கு பேர் வட்டமாகின்றன, துணை மாற்றிப் பிரிகின்றன. நல்ல விளக்கம். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஒலெஃபின் இணைகள் ஒன்றோடொன்று ஒருபோதும் ஆடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் உலோகம். ஒலெஃபின் மெட்டாதிசிஸ் என்ற பெயர் விளைவை மிகச் சரியாகச் சொல்கிறது, வழியைத் தவறாக நினைக்க வைக்கிறது. பள்ளிப் பாடநூலின் இரட்டை இடப்பெயர்ச்சி என்ற சொல்லை இந்த வினைக்கு நீட்டக் கூடாது என்று நான் எண்ணுவது இதனால்தான். தமிழில் எழுதும்போது மெட்டாதிசிஸ் என்றே எழுதுவதை விரும்புகிறேன்.

இனி ருத்தேனியம். ருத்தேனியா என்பது ரஷ்ய நிலத்தின் லத்தீன் பெயர். கசான் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளாஸ் 1844இல் யூரல் மலைப் பிளாட்டினத்தின் கழிவிலிருந்து இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்து அந்தப் பெயரைச் சூட்டினார். மெட்டாதிசிஸுக்கு இது வந்து சேரத் தாமதமானது. டைட்டானியம், டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகியவற்றின் கார்பீன்கள் வேகமானவை. ஆனால் அவற்றுக்கு ஆக்சிஜன் மேல் நாட்டம் அதிகம். டைட்டானியத்திடம் நீர், ஆல்கஹால், கீட்டோன் எல்லாம் வரிசையில் முன்னால் நிற்கும், ஒலெஃபின் கடைசியில்தான். ருத்தேனியத்திடம் ஒலெஃபினே முதலில். 1980களின் இறுதியில் கிரப்ஸின் குழு சாதாரண ருத்தேனியம் குளோரைடு நீரிலேயே வேலை செய்வதைக் கண்டது. 1992இல் அதே குழு கட்டமைப்பு தெளிவாகத் தெரிந்த முதல் ருத்தேனியம் கார்பீனைச் செய்தது. 1995இல் வந்த பென்சிலிடீன் சேர்மம் இன்று முதல் தலைமுறை கிரப்ஸ் வினையூக்கி எனப்படுகிறது. ஊதா நிறத் தூள், தராசில் காற்றிலேயே நிறுக்கலாம். 1999இல் அதன் இரண்டு பாஸ்ஃபீன்களில் ஒன்றுக்குப் பதிலாக நைட்ரஜன் சூழ்ந்த கார்பீன் ஒன்றைப் பொருத்தினார்கள். அது இரண்டாம் தலைமுறை. அதில் ஒரே ருத்தேனியத்தோடு இரண்டு கார்பீன்கள் இருக்கின்றன. ஒன்று வேலை செய்கிறது, மற்றது கடைசி வரை அசையாமல் உலோகத்தைத் தாங்குகிறது. ஒரே சொல் இரண்டு வேலைகளைக் குறிப்பதால் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு.

வளையம் மூடும் மெட்டாதிசிஸ் என்ற பெயர் இந்த வினையூக்கிகளோடுதான் பரவியது. வினை அதற்கு முன்பே உண்டு. 1980இல் பிரான்சில் வில்மன் டங்ஸ்டனைக் கொண்டு கஸ்தூரி வாசனைப் பொருளுக்குரிய பதினாறு அணு வளையத்தை மூடியிருக்கிறார். வழிகாட்டி எடுத்துக்காட்டு என்றால் இன்று எந்த ஆய்வகத்திலும் டைஎத்தில் டைஅல்லைல்மலோனேட்தான். புதிதாக ஒரு ருத்தேனியம் வினையூக்கி செய்தவர் முதலில் இதில்தான் அதைச் சோதிப்பார். நடுவில் ஒரு கார்பன், அதன் இரண்டு கைகளில் எஸ்டர்கள், மற்ற இரண்டு கைகளில் முனையில் இரட்டைப் பிணைப்புள்ள மூன்று கார்பன் வால்கள்.

அதில் 240 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிமோல், 10 மில்லிலிட்டர் டைக்ளோரோமீத்தேனில் கரைத்து, இரண்டாம் தலைமுறை வினையூக்கி 8.5 மில்லிகிராம், நூற்றுக்கு ஒரு மூலக்கூறு, சேர்த்து 30 டிகிரியில் வைப்பதாகக் கொள்வோம். முதலில் ருத்தேனியத்திலிருந்து பாஸ்ஃபீன் கழன்று இடம் விடுகிறது. அந்தக் காலி இடத்தில் ஒரு வாலின் இரட்டைப் பிணைப்பு வந்து படிகிறது, நான்கு மூலைச் சதுரமாகிறது. சதுரம் மறு வழியே பிரியும்போது, வினையூக்கி தொடக்கத்தில் சுமந்து வந்த பென்சிலிடீன் ஸ்டைரீனாக வெளியேறுகிறது. இப்போது ருத்தேனியம் மலோனேட்டின் ஒரு வால் நுனியைப் பிடித்திருக்கிறது. மற்ற வால் அதே மூலக்கூறிலேயே, மிக அருகில். அது வளைந்து வந்து படிந்து இரண்டாவது சதுரமாகிறது. இந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் ஐந்து கார்பன் வளையத்தின் பக்கமும் ஆகும். அது பிரியும்போது சைக்ளோபென்டீன் முழுதாக வெளியே வருகிறது. உலோகத்தின் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு CH2.

இந்த ருத்தேனியம் மெத்திலிடீன்தான் இனி எல்லா வேலையையும் செய்யும். அது அடுத்த மலோனேட்டின் வாலைச் சந்தித்துச் சதுரமாகிப் பிரியும்போது வெளியேறுவது ஸ்டைரீன் அல்ல, எத்திலீன். ஆக, புட்டியில் வாங்கிய சேர்மம் ஒவ்வொரு ருத்தேனியத்துக்கும் ஒரே ஒரு சுற்றில் மறைந்துவிடுகிறது. மீதி 99 சுற்றையும் ஓட்டுவது புட்டியில் இல்லாத ஒன்று. முடிவில் 212 மில்லிகிராம் சைக்ளோபென்டீன், 28 மில்லிகிராம் எத்திலீன். அந்த எத்திலீன் வாயுவாகச் சுமார் 25 மில்லிலிட்டர். கரைசலில் குமிழ்கள் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். புரோட்டான் என்.எம்.ஆர். எடுத்தால் 2.6 அருகே இருந்த வால் CH2 குறியீடு தேய்ந்து, 3.0 அருகே ஒற்றைக் கோடு வளரும். இரண்டின் பரப்பையும் ஒப்பிட்டால் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று தெரிந்துவிடும். நல்ல வினையூக்கி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ முழுவதும் முடியும்.

எங்கே கெடும்? மூடிய குழாயில் வைத்தால் எத்திலீன் போக்கிடமில்லாமல் கரைசலில் தங்கும். எல்லாப் படிகளும் இருவழிப் பாதைகள் என்பதால் அது திரும்பி வந்து உலோகத்தைப் பிடிக்கும். ஐந்து அணு வளையம் நிலையானது, அதைத் திறப்பது எத்திலீனுக்கு எளிதன்று. ஆனால் உலோகம் மெத்திலிடீனும் எத்திலீனுமாக வீணாகச் சதுரம் கட்டிக் கலைத்துக்கொண்டிருக்கும். மெத்திலிடீன் நிலைகளிலேயே வினையூக்கி சாகிறது. முதல் தலைமுறையின் மெத்திலிடீன் 55 டிகிரியில் 40 நிமிடத்தில் பாதியாகிவிடும். கழன்ற பாஸ்ஃபீன் திரும்பி வந்து அந்த CH2-வைத் தாக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவதே காரணம். இதற்கு மருந்து எளியது: கரைசலுக்குள் நைட்ரஜனை மெல்ல ஊதி எத்திலீனை வெளியேற்றுவது. வளர்ந்துவந்த 3.0 கோடு பாதியில் நின்று, கரைசல் பழுப்பேறி, 19 முதல் 20 வரை இருந்த ருத்தேனியம் கார்பீனின் குறியீடும் மறைந்திருந்தால், இனிக் காத்திருந்து பயனில்லை.

இன்னொரு கெடுதி வினை முடிந்த பிறகு தெரியும். செத்த வினையூக்கியிலிருந்து வரும் ருத்தேனியம் ஹைட்ரைடு இரட்டைப் பிணைப்பை ஒரு கார்பன் தள்ளி நகர்த்திவிடும். வளையம் பெரிதாக இருந்து, மூடும் வேகம் குறைவாக இருக்கும்போது இது அதிகம் நடக்கும். வால் ஒரு கார்பன் குட்டையானது போல் ஆகி, எத்திலீனுக்குப் பதில் புரொப்பிலீன் வெளியேறி, வளையமும் ஒரு CH2 சிறுத்துப்போகும். நிறை நிறமாலையில் எதிர்பார்த்த எண்ணுக்கு 14 குறைவாக ஒரு கோடு இருந்தால் இதுதான். ஹைட்ரைடைப் பிடிக்க பென்சோகுவினோன் கொஞ்சம் சேர்ப்பதுண்டு.

பெரிய வளையங்களில் முதன்மைச் சிக்கல் வேறு. இரண்டு வால்களும் தொலைவில் இருந்தால், தன் மற்ற வாலைச் சந்திப்பதைவிட அயல் மூலக்கூறின் வாலைச் சந்திப்பது எளிது. வளையத்துக்குப் பதில் சங்கிலி வளரும். அயலாரைத் தொலைவில் வைக்கக் கரைசலை நீர்க்க வைக்க வேண்டும். இது ஆய்வகத்தில் வழக்கம், ஆலையில் பெருஞ்செலவு. ஹெபடைட்டிஸ் சி நோய்க்காக போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் உருவாக்கிய சிலுபிரேவிரில் பதினைந்து அணு வளையம் ஒன்று உண்டு. அதை மூட முதலில் 0.01 மோலார் அளவுக்குக் கரைசலை நீர்க்க வேண்டியிருந்தது. பிறகு வால் அமைந்த பெப்டைடின் நைட்ரஜன் ஒன்றில் பாக் என்ற காப்புத் தொகுதியை ஏற்றிப் பார்த்தார்கள். அதனால் மூலக்கூறு வேறு விதமாக மடிந்து, வால்கள் ஒன்றையொன்று நெருங்கின. அதே வளையம் இப்போது 0.2 மோலாரில் மூடியது, இருபதில் ஒரு பங்கு கரைப்பான் போதும். வினையூக்கியும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. விலங்குச் சோதனையில் இதயத்தைப் பாதித்ததால் அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. வளையம் மூடும் அந்தப் படியை மட்டும் செயல்முறை வேதியியலாளர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இவ்வளவு காலமும் ருத்தேனியத்தின் சதுரத்தை யாரும் நேரில் கண்டிருக்கவில்லை. டைட்டானியத்திலும் டங்ஸ்டனிலும் சதுரங்களைப் பிரித்தெடுத்திருந்தார்கள். ருத்தேனியத்தில் அது உருவான கணத்திலேயே கலைந்துவிடுகிறது. பாஸ்ஃபீன் கழன்று இடம் விடும் படி மெதுவாக நடப்பதால், சதுரம் திரளாகச் சேர வழியே இல்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் வாரன் பியர்ஸ் அந்தப் படியையே நீக்கினார். பாஸ்ஃபீனைக் கார்பீன் கார்பனின் மேலேயே ஒட்டவைத்து, உலோகத்தில் தொடக்கத்திலிருந்தே ஓர் இடம் காலியாக இருக்கும் வினையூக்கியைச் செய்தார். 2005இல் பட்ரிசியோ ரொமேரோவும் அவரும் அதை எத்திலீனோடு சேர்த்துச் சுழிக்குக் கீழே 50 டிகிரியில் என்.எம்.ஆர். எடுத்தார்கள். உலோகத்துக்கு எதிர் மூலையில் இருக்கும் CH2-வின் குறியீடு, இத்தகைய CH2 எதுவும் வழக்கமாக வராத இடத்தில், சுழிக்கு அப்பால் -2.6 அருகே நின்றது. பக்கத்து மூலைகளின் CH2-க்கள் 6.6 அருகே. தொடர்ந்து செய்த ஆய்வில், எதிர் மூலைக் கார்பனும் பக்கத்து மூலைக் கார்பனும் அந்தக் குளிரிலேயே தம்முள் இடம் மாறிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. சதுரம் திறக்கிறது, எத்திலீன் உலோகத்தை விட்டுப் போகாமலே அதன் மேல் திரும்பிப் படுக்கிறது, சதுரம் மறுபடி மூடுகிறது.